மூன்றாவது லைட் குழாய் ஏன் நழுவியது

நடன ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது மேடைக்கு மேலே தொங்கும் லைட் குழாய்களில் ஒன்று, மூன்றாவது, இடது முனையில் ஒரு சாண் அளவுக்குச் சட்டென்று இறங்கி நின்றது. யாருக்கும் அடி இல்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் கதை கேட்கிறவர்கள் எல்லோரும் முதலில் அதைத்தான் கேட்கிறார்கள். இந்த அரங்கின் டெக்னீஷியன் நான்தான், வருடா வருடம் அந்தக் குழாயைப் பார்த்து "சரி" என்று நோட்டில் எழுதியவனும் நான்தான். அதனால் என்ன நடந்தது, எப்படிக் கண்டுபிடித்தோம், எப்படிச் சரிசெய்தோம் என்பதை மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

முதலில் அமைப்பு. மேடைக்குக் குறுக்கே 10 மீட்டர் நீளத்தில் 48 மி.மீ. விட்டமுள்ள இரும்புக் குழாய். அதை நான்கு இடத்தில் 6 மி.மீ. ஒயர் ரோப் பிடித்திருக்கிறது. இரண்டு ஓரங்களிலும் அரை அரை மீட்டர் வெளியே நீண்டிருக்கும், நடுவில் 3 மீட்டருக்கு ஒரு கயிறு. நான்கு கயிறுகளும் மேலே கப்பிகள் வழியாக ஓடிப் பக்கச் சுவரோரம் கீழே இறங்கி, ஒரே வின்ச்சின் ஒரே உருளையில் சுற்றுகின்றன. கைப்பிடியைச் சுற்றினால் நான்கும் ஒன்றாக ஏறும், ஒன்றாக இறங்கும். குழாய் வேலை நேரத்தில் தரையிலிருந்து ஆறரை மீட்டர் உயரத்தில் நிற்கும். கயிறு குழாயைச் சந்திக்கும் இடத்தில் கயிற்றை மடக்கி, மடிப்பு நசுங்காமல் இருக்க நடுவில் திம்பிள் என்ற உலோக வளையம் வைத்து, யு வடிவக் கிளிப் போட்டு இறுக்கியிருப்பார்கள். இந்த மாதிரி அரங்கில் வேலை பார்த்தவர்களுக்கு இதெல்லாம் பழகிய விஷயம்.

அன்று வெளியிலிருந்து வந்த லைட்டிங் ஆள், நல்ல பையன், வேலை தெரிந்தவன், காலையிலேயே இரண்டு மூவிங் ஹெட், அதாவது மோட்டாரில் தலை திரும்பும் விளக்கு, கொண்டுவந்திருந்தான். பின்திரையில் சாய்வாக வெளிச்சம் அடிக்க வேண்டும், வலது பக்கம் ஸ்பீக்கர் மறைக்கிறது, அதனால் இரண்டையும் இடது முனையில் மாட்டவேண்டும் என்றான். ஒவ்வொன்றும் கிளாம்போடு சேர்த்து 22 கிலோ. குழாயில் ஏற்கெனவே பத்து எல்இடி பார் லைட், ஒன்று 6 கிலோ. கேபிள், விளக்குகளுக்குச் சிக்னல் கொடுக்கும் டிஎம்எக்ஸ் பெட்டி எல்லாம் ஒரு 20 கிலோ. குழாயின் சொந்த எடை 36. நான் மனக்கணக்குப் போட்டேன்: 116 கிலோ இருந்தது, 44 சேர்த்தால் 160. குழாயில் ஒட்டியிருக்கும் தகட்டில் 200 கிலோ என்று எழுதியிருக்கிறது. "மாட்டு தம்பி" என்றேன்.

மாட்டி மேலே ஏற்றிய பிறகு குழாய் இடது பக்கம் ஒரு விரல் அகலம் சாய்ந்த மாதிரி எனக்குத் தெரிந்தது. அவனிடம் சொன்னேன். "அண்ணே, பின்னாடி திரை மடிப்பு கோணலா இருக்கு, அதனால கண்ணுக்கு அப்படித் தெரியுது" என்றான். எனக்கும் அப்படித்தான் பட்டது, அல்லது அப்படிப் படட்டும் என்று விட்டுவிட்டேன். இன்னொன்றும் உண்டு. மதியம் பாட்டுச் சோதனையில் பேஸ் அடிக்கும்போது மேலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம். எல்இடி பார் லைட்டின் சட்டம் தளர்ந்திருக்கும், சாயங்காலம் பார்க்கலாம் என்று நினைத்தேன். இப்போது யோசித்தால் அந்த இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு அறிகுறி.

மாலையில் குழு நடனம் ஓடிக்கொண்டிருந்தது. உச்சகட்டத்தில் இரண்டு மூவிங் ஹெட்டும் ஒரே நேரத்தில் வேகமாக இடமும் வலமும் வெட்டித் திரும்புகிற காட்சி. மூவிங் ஹெட்டைக் கையில் பிடித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், தலை திரும்பி நிற்கும்போது அடிப்பெட்டி எதிர்ப்பக்கம் உதறும். இரண்டும் ஒரே திசையில் ஒரே தாளத்தில் உதறினால் குழாயின் முனை ஊஞ்சல் மாதிரி ஆடும். அப்படி ஆடிக்கொண்டிருந்த முனை, கிர்ர் என்று ஒரு சத்தத்தோடு இறங்கி, பிறகு நின்றது. வெளிச்சக் கற்றை திரையில் கீழே குதித்ததைத்தான் எல்லோரும் முதலில் பார்த்தார்கள், குழாயை யாரும் பார்க்கவில்லை.

நான் லைட் கன்ட்ரோல் டெஸ்க் பக்கத்தில் இருந்தேன். மைக்கில் சொன்னது இவ்வளவுதான்: "எல்லோரும் வலது பக்கமா வெளிய போங்க, இடது பக்கம் யாரும் வராதீங்க." ஓடுங்கள் என்று மட்டும் சொல்லியிருந்தால் பாதிப் பேர் அவர்களுடைய பைகள் இருக்கும் இடது பக்கத்துக்கே ஓடியிருப்பார்கள். நடன டீச்சர் குரலை உயர்த்தாமல் பிள்ளைகளைக் கைதட்டி அழைத்துக்கொண்டு போனார், அதற்கு அவருக்கு நன்றி.

அடுத்து செய்தது கரண்ட்டை நிறுத்தியது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. டெஸ்க்கில் காட்சியை நிறுத்தினால் மூவிங் ஹெட் தன் தொடக்க நிலைக்குத் திரும்பலாம், அதுவும் ஓர் அசைவுதான். சிக்னல் கேபிளைப் பிடுங்கினால் சில மாடல்கள் அப்படியே நிற்கும், சில தாமே ஆடத் தொடங்கும். அதனால் நேராகச் சப்ளை பிரேக்கரை இறக்கினேன். அதைவிட முக்கியம் திரும்பப் போடாமல் இருப்பது. கரண்ட் வந்தவுடன் மூவிங் ஹெட் தன்னைச் சரிபார்க்க ஒரு முழுச் சுற்று இடமும் வலமும் மேலும் கீழும் திரும்பும். அந்த நேரத்தில் நமக்கு வேண்டாத ஒரே விஷயம் அதுதான். பிரேக்கரில் பூட்டுப் போட்டுச் சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டேன். விளக்கு எல்இடி என்பதால் இது முடிந்தது. டிஸ்சார்ஜ் பல்பு உள்ள பழைய மாடல் என்றால் ஃபேன் நின்றதும் உள்ளே சூடு தங்கும், பல்பு கெட்டுப்போகலாம், ஆனாலும் அன்று நான் அதையேதான் செய்திருப்பேன்.

லைட்டிங் தம்பி அதற்குள் வின்ச் பக்கம் ஓடிவிட்டான். "அண்ணே, கீழ இறக்கிடவா?" என்று கைப்பிடியில் கை வைத்திருந்தான். எல்லோருக்கும் வரும் முதல் எண்ணம் அதுதான், எனக்கும் வந்தது. வேண்டாம் என்று கத்தினேன். எது நழுவியது என்று தெரியாமல் உருளையை அசைத்தால் நான்கு கயிற்றிலும் ஒரு சின்னக் குலுக்கல் போகும். ஏதோ ஒரு பிடி கடைசி மூச்சில் நின்றுகொண்டிருந்தால் அந்தக் குலுக்கலே போதும்.

கீழே நின்றபடியே எது நழுவியது என்று ஓரளவு சொல்லிவிடலாம். வின்ச்சின் பிரேக் நழுவியிருந்தால் நான்கு கயிறும் ஒரே உருளையில் இருப்பதால் குழாய் முழுவதும் மட்டமாக இறங்கியிருக்கும். மேலே கப்பியின் பள்ளத்திலிருந்து ஒரு கயிறு வெளியே குதித்திருந்தால் அந்தக் கயிறு சுவரோரம் தொளதொளவென்று தெரியும், இறக்கமும் பொதுவாகச் சில சென்டிமீட்டர்தான் இருக்கும். கயிறு இழை இழையாக அறுந்துகொண்டிருந்தால் நீளம் இவ்வளவு கூடாது, அறுந்தால் ஒரேயடியாக அறும். இங்கே ஒரு முனை மட்டும் ஒரு சாண் இறங்கி, அந்தக் கயிறு இன்னும் விறைப்பாகவே நிற்கிறது. அப்படியானால் கயிறு தன் முனைக் கட்டிலிருந்து வழுக்கியிருக்கிறது, நின்றும் இருக்கிறது. பைனாகுலர் வைத்துப் பார்த்தேன். முதல் கயிற்றின் கிளிப்புக்கு மேலே ஒரு சாண் நீளத்துக்குத் தூசி படியாமல் பளபளவென்று இருந்தது. மடக்கிய வால் கிளிப்புக்கு வெளியே முன்பு ஒரு சாணுக்கும் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், இப்போது இரண்டு விரல் அகலம்தான் மிச்சம். அந்த இரண்டு விரலைப் பார்த்தபோது எனக்குக் கொஞ்சம் கால் நடுங்கியது, மறைப்பானேன்.

இனிக் காப்பாற்றும் வேலை. மேடைக்கு மேலே ஒரு நடைபாதை உண்டு, கப்பிகள் மாட்டியிருக்கும் உத்தரத்தை அங்கிருந்து தொடலாம். ஹார்னஸ் போட்டுக்கொண்டு மேலே போய், உத்தரத்தில் பீம் கிளாம்ப் ஒன்றும் அதில் ஒரு டன் செயின் புளாக்கும் மாட்டினோம். அதன் கீழ்க்கொக்கியில் ஒரு துணி ஸ்லிங், அது குழாயை முதல் கயிற்றுக்கு ஒட்டிப் பிடிக்கும். குழாயைத் தொடுவதற்குச் சாரக்கோபுரத்தை நேர் கீழே தள்ளவில்லை, பக்கவாட்டில் இரண்டாவது கயிற்றுப் பக்கமாக நிறுத்தி அங்கிருந்து எட்டினோம். உத்தரம் 9 மீட்டர் உயரத்தில், குழாய் ஆறரையில், இடைவெளி இரண்டரை மீட்டர். எங்கள் செயின் புளாக்கின் தூக்கு நீளம் 3 மீட்டர். முனையைத் தாங்கிப் பிடிக்க அது போதும், ஆனால் குழாயோடு சேர்ந்து தரைவரை இறங்க அதனால் முடியாது. அதனால் பழுதை ஆகாயத்திலேயே ஒரு மட்டத்துக்குச் சரிசெய்துவிட்டுத்தான் இறக்க முடியும் என்று ஆகிவிட்டது.

செயினை மெதுவாக இழுத்தோம். முனை மேலே வந்து மட்டமானதும் முதல் கயிறு தளர்ந்தது. அப்போதுதான் கோபுரத்தில் நின்றவன் இரண்டு மூவிங் ஹெட்டையும் ஒவ்வொன்றாகக் கழற்றி, கப்பிக் கயிற்றில் கீழே அனுப்பினான். பிறகு கிளிப்புகளை அவிழ்க்கப் போனேன்.

இரண்டு கிளிப். இரண்டு கிளிப்பிலும் நட்டில் ஸ்பானர் போட்டால் கல் மாதிரி நின்றது, துளியும் நகரவில்லை. நான்கு நட்டும் அப்படியே. ஒரு நிமிடம் என் கணிப்பே தப்போ என்று குழம்பிவிட்டேன். இறுக்கமான கிளிப்பிலிருந்து கயிறு எப்படி வழுக்கும்? கயிற்றின் வாலைப் பிடித்து இழுத்துப் பார்த்தேன். வந்தது. ஒரு கையால், ஊசியில் நூல் மாதிரி இல்லை, ஆனாலும் வந்தது.

கிளிப்பின் உடலில் அச்சிட்டிருந்த எண்ணைத் துடைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது: 8. கயிறு 6 மி.மீ., கிளிப் 8 மி.மீ. கயிற்றுக்கானது. யு போல்ட்டின் மரை ஓர் அளவுக்குத்தான் வெட்டப்பட்டிருக்கும். மெல்லிய கயிற்றைப் பிடிக்க நட்டை இறுக்கிக்கொண்டே போனால் மரை முடியும் இடத்தில் நட்டு முட்டி நின்றுவிடும். ஸ்பானருக்கு அது பிரமாதமான இறுக்கமாகத் தெரியும். உண்மையில் நட்டு போல்ட்டை இறுக்குகிறது, கயிற்றை இறுக்கவில்லை. கயிறு ஏதோ கொஞ்சம் உரசலில் நின்றுகொண்டிருந்தது, அவ்வளவுதான். நான் வருடத்துக்கு ஒருமுறை ஸ்பானர் போட்டுச் "சரி" என்று எழுதியது இந்த நட்டைத்தான். நட்டை நான் சோதித்தேன், பிடியைச் சோதிக்கவே இல்லை.

இன்னொரு தவறும் இருந்தது. ஒரு கிளிப் தலைகீழாக இருந்தது. இந்தக் கிளிப்பில் இரண்டு பாகம்: பள்ளம் வெட்டிய அகலமான சேணம், அதைக் கட்டிப்பிடிக்கும் வளைந்த யு போல்ட். சேணம் எடை தாங்கும் கயிற்றின் பக்கம் உட்கார வேண்டும், யு போல்ட் மடக்கிய வால் பக்கம் வர வேண்டும். யு போல்ட்டின் வளைவு கயிற்றைக் குறுக்காக நசுக்கும். வாலில் நசுங்கினால் பாதகமில்லை, எடை தாங்கும் பக்கத்தில் நசுங்கினால் கயிறே பலவீனமாகும். எங்களுடையதில் ஒன்று சரியாகவும் ஒன்று மாறியும் போடப்பட்டிருந்தது. மாற்றி மாற்றிப் போட்டால் பலம் என்று சிலர் நம்புகிறார்கள், நான் வேலை கற்ற இடத்திலும் ஒருவர் அப்படித்தான் சொல்லுவார். அது தவறு.

சரி, இவ்வளவு மோசமான பிடி இத்தனை காலம் எப்படித் தாங்கியது? அன்று மட்டும் ஏன் விட்டது? இதற்குக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் எனக்கே உறைத்தது.

160 கிலோவை நான்கு கயிற்றால் வகுத்தால் ஒன்றுக்கு 40. என் தலையில் இருந்த கணக்கு அதுதான். ஆனால் குழாய் அப்படிப் பங்கு போடாது. கயிறுகளுக்கு நடுவில் உள்ள எடையை அக்கம்பக்கத்து இரண்டு கயிறும் பகிர்ந்துகொள்ளும். ஓரக் கயிற்றுக்கு வெளியே தொங்கும் எடை சீசாப் பலகை மாதிரி. அது ஓரக் கயிற்றை முழு எடையோடு இழுப்பது மட்டுமில்லை, அடுத்த கயிற்றைக் கொஞ்சம் தூக்கியும் விடும், அந்தத் தூக்கலின் அளவும் ஓரக் கயிற்றின் கணக்கிலேயே சேரும்.

பழைய நிலையில் 116 கிலோ 10 மீட்டரில் ஏறக்குறைய சமமாகப் பரவியிருந்தது, மீட்டருக்கு 11.6. முதல் கயிற்றின் பங்கு வெளியே நீண்ட அரை மீட்டரும் அடுத்த கயிறுவரை உள்ள தூரத்தில் பாதியும், மொத்தம் 2 மீட்டர். அதாவது 23 கிலோ. அந்தக் கோணல் கிளிப் இத்தனை வருடம் தாங்கியது வெறும் 23 கிலோ. இப்போது மூவிங் ஹெட் இரண்டும் கயிற்றுக்கு வெளியே, சராசரியாக 30 செ.மீ. தள்ளித் தொங்குகின்றன. அடுத்த கயிறு 3 மீட்டரில். 44 கிலோவை 3.3 ஆல் பெருக்கி 3 ஆல் வகுத்தால் 48 கிலோ. பழைய 23 உடன் சேர்த்தால் 71, 72. மொத்த எடை 116 இலிருந்து 160 ஆகத்தான் கூடியது, மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேல். ஓரக் கயிற்றின் எடையோ மூன்று மடங்கு ஆகிவிட்டது. அதற்கு மேல் இரண்டு தலைகளின் உதறல். தகட்டில் எழுதிய 200 கிலோ என்பது சமமாகப் பரப்பிய எடைக்கு, அதைத் தகட்டில் யாரும் எழுதவில்லை. தம்பி எதையும் மீறவில்லை என்பதை இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன், ஏனென்றால் அன்று இரவு இரண்டு மூன்று பேர் பழியை அவன் தலையில் போடப் பார்த்தார்கள்.

கயிறு இதில் பாவம். 6 மி.மீ. ஒயர் ரோப் அறுவதற்கு ஏறக்குறைய 2 டன் வேண்டும். சரியாகப் போட்ட கிளிப் அதில் 80 சதவீதம் வரை பிடிக்கும் என்று தயாரிப்பாளர்கள் எழுதுகிறார்கள். 72 கிலோ எல்லாம் அதற்குத் தூசு.

நழுவல் ஏன் ஒரு சாணோடு நின்றது என்பதற்கும் இதே கணக்கில் பதில் இருக்கிறது. முனை இறங்க இறங்க எடை கொஞ்சம் கொஞ்சமாக இரண்டாவது கயிற்றுக்கு மாறியது, முதல் கயிற்றில் இழுவை குறைந்தது, குறைந்த இழுவையில் அந்த உரசல் மறுபடி பிடித்துக்கொண்டது. வால் முழுதும் உருவிப் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்றும் போட்டுப் பார்த்தேன். குழாய் இரண்டாவது கயிற்றிலிருந்து மூன்றரை மீட்டர் வெளியே தொங்கியிருக்கும். அந்த இடத்தில் குழாய் தாங்க வேண்டிய வளைவு, அந்த அளவு சாதாரண இரும்புக் குழாய் மடங்காமல் தாங்கும் வரம்பைப் போல் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. குழாய் அங்கேயே மடங்கியிருக்கும். விளக்குகளின் சேஃப்டி கம்பி எல்லாம் குழாயோடுதான் கட்டியிருக்கிறது, குழாயே வந்தால் அதனால் பயனில்லை. அந்தக் கணக்கை நான் யாரிடமும் காட்டவில்லை, கடைசியாக நிர்வாகத்துக்குக் கொடுத்த அறிக்கையில்தான் சேர்த்தேன்.

தொடர்கிறேன். ஆகாயத்தில் தற்காலிக வேலை: தளர்ந்த கயிற்றைப் பழைய நீளத்துக்கு இழுத்து, 6 மி.மீ. கிளிப் மூன்று, எல்லாச் சேணமும் எடை தாங்கும் பக்கம். செயினை ஒரு பல் ஒரு பல்லாகத் தளர்த்தி எடையைக் கயிற்றுக்கு மாற்றிக் கால் மணி நேரம் காத்திருந்தோம். மூவிங் ஹெட் இல்லாததால் இப்போது 23 கிலோதான். நகரவில்லை. பிறகு ஸ்லிங்கைக் கழற்றி, வின்ச்சில் குழாயை இடுப்பு உயரத்துக்கு இறக்கினோம். அதற்குள் இரவு பதினொன்று.

மறுநாள் முதல் கயிற்றை முழுதாக மாற்றினேன். நசுங்கிய பகுதியை மட்டும் வெட்டிவிட்டு மீதியைக் கட்டலாமே என்று ஒருவர் கேட்டார். அப்படி வெட்டினால் கயிறு குட்டையாகி, மற்ற மூன்றோடு மட்டம் சேர்க்க உருளையில் சுற்றைக் குறைக்க வேண்டிவரும். குழாய் முழுதும் இறங்கிய நிலையிலும் உருளையில் சில சுற்று மிச்சம் இருந்தாக வேண்டும், இழுவையை உண்மையில் தாங்குவது அந்தச் சுற்றுகளின் உரசல்தான், உருளையின் முனைத் திருகு இல்லை. அதில் கை வைக்க எனக்கு மனம் வரவில்லை. 20 மீட்டர் கயிறு, மாற்றுவது அரை நாள் வேலை.

புதிய முனைக் கட்டை இப்படிப் போட்டேன். திம்பிளைச் சுற்றிக் கயிற்றை மடக்கி, வால் சுமார் 20 செ.மீ. விட்டேன். முதல் கிளிப் வாலின் நுனிக்குப் பக்கத்தில், கிளிப்பின் அகலம் அளவுக்கு உள்ளே தள்ளி, அதை முழுதும் இறுக்கிவிட வேண்டும். இரண்டாவது திம்பிளை ஒட்டி, முடிந்த அளவு நெருக்கமாக, ஆனால் இப்போது கையிறுக்கம் மட்டும். மூன்றாவது நடுவில். பிறகு கயிற்றில் கொஞ்சம் இழுவை கொடுத்துத் தொய்வை எடுத்துவிட்டு, இரண்டு பக்க நட்டையும் மாற்றி மாற்றி ஒரே அளவுக்கு, டார்க் ஸ்பானரில் இறுக்கினேன். எங்கள் கிளிப் அடித்துச் செய்த வகை, அதன் தாளில் 6 மி.மீ.க்கு 20 நியூட்டன் மீட்டர் என்று இருந்தது. வார்ப்புக் கிளிப்புக்கு அளவு வேறு, அதை இதே அளவுக்கு இறுக்கினால் உடைந்துவிடும், அதனால் கிளிப்போடு வந்த தாளைத் தூக்கிப் போடாதீர்கள். எடை ஏற்றிய பிறகு மறுபடி இறுக்க வேண்டும். இதைத்தான் பலர் விட்டுவிடுவார்கள். இழுவையில் கயிறு சற்று மெலியும், மெலிந்தால் அதே நட்டு தளர்ந்த நட்டு. எனக்கு மறுபடி போட்டபோது ஒவ்வொரு நட்டும் கால் சுற்றுக்குக் கொஞ்சம் குறைவாக நகர்ந்தது.

இறுக்கி முடித்ததும் இன்னும் ஒரு வேலை, மொத்தத்தில் எனக்கு மிகவும் பிடித்தது: மஞ்சள் பெயின்ட். கிளிப்பின் மேலும், அதிலிருந்து வெளியே வரும் கயிற்றின் மேலும், வாலின் மேலும் சேர்த்து ஒரே கோடு. கயிறு ஒரு மில்லிமீட்டர் நழுவினாலும் கோடு உடைந்து தெரியும். கீழே நின்று பைனாகுலரில் பார்க்கலாம், ஸ்பானர் எடுத்துக்கொண்டு ஏற வேண்டியதில்லை. அன்று மதியம் அந்த டிக், டிக் சத்தம் வந்தபோது இந்தக் கோடு இருந்திருந்தால் அங்கேயே பிடித்திருப்பேன்.

பிறகு மற்ற கயிறுகள். ஐந்து குழாய், இருபது கயிறு. கிளிப் எண்ணைத் துடைத்துப் படித்தோம், நட்டுக்குக் கீழே மரை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தோம். மரை மிச்சமில்லாமல் நட்டு அடியில் முட்டியிருந்தால் கிளிப் பெரியது, ஸ்பானரே தேவையில்லை. இன்னும் மூன்று கயிற்றில் 8 மி.மீ. கிளிப் கிடைத்தது. மூன்றும் ஓரக் கயிறு இல்லை, நடுவில் இருப்பவை. ஒரு காலத்தில் யாரோ கயிறு மாற்றியபோது பெட்டியில் இருந்ததைப் போட்டிருக்கிறார்கள். நோட்டில் தேதி இல்லை.

சோதனை. குழாயைத் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் மட்டும் நிறுத்தி, மணல் மூட்டை தொங்கவிட்டோம். தகட்டு அளவில் ஒன்றேகால் பங்கு, 250 கிலோ, பரப்பி, அரை மணி நேரம். பிறகு மூட்டைகளை இறக்கிவிட்டு ஓரக் கயிற்றுக்குத் தனியாக, வெளியே நீண்ட பகுதியில் 60 கிலோ. அந்த இரண்டாவது சோதனையில் கயிறும் கட்டும் அசையவில்லை, மஞ்சள் கோடும் உடையவில்லை, ஆனால் குழாயின் முனை கண்ணுக்குத் தெரியும் அளவுக்குக் கீழே வளைந்தது, எடை எடுத்ததும் நேரானது. அதைப் பார்த்த பிறகுதான் புதுத் தகட்டில் என்ன எழுதுவது என்று முடிவெடுத்தேன்: "மொத்தம் 200 கிலோ, பரப்பி மட்டும். ஓரக் கயிற்றுக்கு வெளியே 15 கிலோவுக்கு மேல் கூடாது. மூவிங் ஹெட் என்றால் கயிற்றுக்கு உள்பக்கம் மட்டும்."

நிகழ்ச்சி நடந்தது. மூவிங் ஹெட் இரண்டும் மேலே போகவில்லை, மேடைத் தரையில் இரண்டு பக்கமும் பெட்டி மேல் வைத்துக் கீழிருந்து அடித்தான் தம்பி. அவனுக்கு அது பிடிக்கவில்லை. பார்த்தவர்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இப்போது கிளிப்புகளையே மொத்தமாக எடுத்துவிடும் வேலை பாதி முடிந்திருக்கிறது. பட்டறையில் வைத்துச் செம்பு ஸ்லீவ் போட்டு அச்சில் அமுக்கிய முனை, அளவுச் சட்டம் வைத்துப் பார்த்தால் சரியாக அமுங்கியதா இல்லையா என்று ஐயத்துக்கு இடமில்லாமல் தெரியும், நட்டே கிடையாது. மட்டம் சேர்க்க ஒவ்வொரு கயிற்றிலும் ஒரு டர்ன்பக்கிள், அது தானாகத் திரும்பாமல் இருக்கக் கம்பி கட்டியிருக்கிறேன். இரண்டு குழாய் முடிந்தது, மூன்று பாக்கி. பாக்கி மூன்றில் மஞ்சள் கோட்டை ஒவ்வொரு நிகழ்ச்சிக்கும் முன்னால் பார்த்துக்கொண்டிருக்கிறேன். நேற்றுப் பார்த்ததில் நான்காவது குழாயின் மூன்றாவது கயிற்றில் கோட்டின் நடுவே முடி அளவுக்கு ஒரு கீறல். பெயின்ட் காய்ந்து வெடித்ததா, கயிறு நகர்ந்ததா தெரியவில்லை. அந்தக் குழாயை இறக்கி வைத்துவிட்டேன், காலையில் கிளிப்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும்.